மீன் ஏன் கவுச்சி அடிக்கிறது? டிரைமெத்திலமீன் பற்றி ஓர் எளிய விளக்கம்

கடலிலிருந்து பிடித்துச் சில மணி நேரமே ஆன மீனை முகர்ந்து பார்த்தால், நாம் மீன் வாடை என்று சொல்லும் அந்தக் கவுச்சி அதில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. நறுக்கிய வெள்ளரிக்காயை நினைவூட்டும் மெல்லிய பச்சை மணம்தான் இருக்கும். மீனின் தோலிலும் செவுளிலும் உள்ள நொதிகள் அதன் கொழுப்பு அமிலங்களைத் துண்டாக்குவதால் அந்த மணம் உண்டாகிறது. ஆகவே, கவுச்சி என்பது மீனின் இயல்பான மணம் அன்று. மீன் இறந்த பிறகு அதன் தசையில் படிப்படியாக உருவாகிச் சேரும் ஒரு வேதிப்பொருளின் மணம். அந்தப் பொருளின் பெயர் டிரைமெத்திலமீன். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ சேர்த்ததும் வாடை குறைவதற்கான காரணம் இந்தப் பொருளின் ஒரே ஒரு பண்பில் அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்த வாடைக்கு எலுமிச்சை உதவும், எதற்கு உதவாது என்பதையும் நாமே கணித்துவிடலாம்.

மணமில்லாத ஒரு பொருளிலிருந்து தொடக்கம்

கடல்நீரில் கரைந்திருக்கும் உப்பின் செறிவு, எலும்புள்ள சாதாரணக் கடல் மீன்களின் உடல் திரவத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். இரண்டு கரைசல்களுக்கு இடையே ஒரு மெல்லிய சவ்வு இருந்தால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் நகரும் என்பது சவ்வூடு பரவலின் விதி. அதன்படி, கடலில் வாழும் மீன் தண்ணீருக்குள்ளேயே இருந்தும் தன் உடல் நீரை ஓயாமல் இழந்துகொண்டிருக்கிறது. கடல்நீரைக் குடித்து, அதிலுள்ள உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றி அது இந்த இழப்பைச் சமாளிக்கிறது. அத்துடன், தன் செல்களுக்குள் சில சிறிய கரிமப் பொருள்களையும் சேர்த்துவைத்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்றுதான் டிரைமெத்திலமீன் ஆக்சைடு.

இந்த ஆக்சைடுக்கு மணமே கிடையாது. ஆனால் மீனுக்கு அது செய்யும் உதவி பெரிது. சவ்வூடு பரவலால் உண்டாகும் நீரிழப்பைக் குறைப்பதோடு, புரதங்கள் தங்கள் வடிவத்தை இழக்காமலும் அது காக்கிறது. சுறா, திருக்கை போன்றவை தங்கள் உடலில் யூரியாவை மிகுதியாகச் சேர்த்துவைத்திருக்கின்றன. யூரியா புரதங்களைக் குலைக்கக்கூடியது என்பதால், அதை ஈடுகட்ட அவற்றின் உடலில் இந்த ஆக்சைடும் நிறைய இருக்கிறது. கடலின் ஆழம் கூடக்கூட, நீரின் அழுத்தத்தால் புரதங்கள் சிதையும் ஆபத்தும் கூடுவதால், ஆழ்கடல் மீன்களின் தசையில் இந்த ஆக்சைடின் அளவு ஆழத்தோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ 8,200 மீட்டர் ஆழத்தில் வாழ வேண்டுமானால், மீனின் உடல் திரவம் கடல்நீருக்கு நிகரான செறிவை எட்டிவிடும் அளவுக்கு ஆக்சைடு தேவைப்படும் என்றும், மீன்கள் இறங்கக்கூடிய ஆழத்தின் எல்லை அதுவாகவே இருக்கலாம் என்றும் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இதுவரை படமெடுக்கப்பட்டவற்றுள் மிக ஆழத்தில் வாழ்ந்த மீன், ஜப்பானுக்குத் தெற்கேயுள்ள ஓர் ஆழிப் பள்ளத்தில் 2022-இல் 8,336 மீட்டரில் காணப்பட்டது. கணிப்பும் கண்டதும் இவ்வளவு நெருக்கமாக அமைந்தது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. நம் சமையலறையில் வாடைக்குக் காரணமாகும் அதே பொருள், மீன்கள் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம் என்பதையும் தீர்மானிப்பதாகத் தோன்றுகிறது.

நன்னீர் மீன்களுக்கு நிலைமை நேர்மாறானது. அவற்றைச் சூழ்ந்துள்ள நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் நீரிழப்புச் சிக்கல் இல்லை. இந்த ஆக்சைடும் அவற்றின் தசையில் பொதுவாக மிகக் குறைவாகவே இருக்கும். ஆற்று மீனிலும் குளத்து மீனிலும் சில நேரம் வரும் சேற்று வாடைக்குக் காரணம் வேறு; அதைப் பின்னர் பார்ப்போம்.

ஆக்சைடு அமீனாக மாறுவது எப்படி

உயிருள்ள மீனின் தோலிலும் செவுளிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கின்றன. ஆனால் உயிர் இருக்கும்வரை நோய் எதிர்ப்பு அமைப்பு அவற்றைத் தசைக்குள் அண்டவிடுவதில்லை. மீன் இறந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. பாக்டீரியாக்கள் தசையின் மேற்பரப்பில் பெருகத் தொடங்குகின்றன. நாம் சுவாசத்துக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைப் போல, இவற்றில் சில வகைகளால் ஆக்சிஜன் போதாத இடத்தில் டிரைமெத்திலமீன் ஆக்சைடைப் பயன்படுத்தி வாழ முடியும். அப்போது ஆக்சைடிலுள்ள ஆக்சிஜன் அணு நீங்கிவிடுகிறது, எஞ்சுவது டிரைமெத்திலமீன். குளிர்ந்த கடல்நீரிலும் பனிக்கட்டியிலும்கூடத் தாங்கி வளரும் ஷெவனெல்லா என்னும் பாக்டீரியா இந்த வேலையைச் செய்வதில் பேர்போனது.

ஒரே ஓர் ஆக்சிஜன் அணு நீங்கியதில் பண்புகள் தலைகீழாக மாறிவிடுகின்றன. ஆக்சைடு நீரில் கரைந்து தசைக்குள்ளேயே தங்கிக் கிடக்கும் பொருள். டிரைமெத்திலமீனோ ஏறத்தாழ 3 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் பொருள் என்பதால், அறை வெப்பநிலையில் அது வாயுவாகவே இருக்க விரும்புகிறது. மனித மூக்கும் இந்த வாயுவுக்கு மிகவும் கூர்மையானது; காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே பலரால் இதை உணர முடியும்.

இனிச் சுருக்கத்துக்காக டிரைமெத்திலமீனை அமீன் என்றே குறிப்பிடுகிறேன்.

அமீன் உருவாகும் வேகத்தைப் பெரும்பாலும் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. குளிர்ந்த கடல்களில் பிடிபடும் மீன்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து ஓர் எளிய கணக்கு கிடைத்திருக்கிறது: 0 பாகையில் மீன் கெடும் வேகத்தை 1 என்று கொண்டால், 10 பாகையில் அது ஏறத்தாழ 4 ஆகிறது. அதாவது, உருகும் பனிக்கட்டியில் எட்டு நாள் தாங்கும் மீன், 10 பாகையில் இரண்டு நாளில் அதே நிலையை அடைந்துவிடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு பெரும்பாலும் 4 அல்லது 5 பாகையில் இருப்பதால், அங்கே வைத்த மீன் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்த மீனைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகமாகக் கெடுகிறது. வாடையைக் குறைக்க நாம் செய்யக்கூடியவற்றில், எலுமிச்சையைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது மீனைப் பனிக்கட்டியில் வைப்பதுதான்.

அமிலம் என்ன செய்கிறது

அமீன் ஒரு காரம். அமிலத்தைச் சந்திக்கும்போது அதன் நைட்ரஜன் அணு ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொள்கிறது. வேதியியல் வாய்பாட்டில் அதை இப்படி எழுதலாம்:

(CH₃)₃N + H⁺ ⇌ (CH₃)₃NH⁺

இடப்பக்கத்தில் இருப்பது மின்னூட்டமற்ற அமீன். அது காற்றில் கலந்து நம் மூக்கை எட்டும். வலப்பக்கத்தில் இருப்பது நேர்மின்னூட்டம் பெற்ற அயனி; அது நீரோடு ஒட்டிக்கொண்டு, ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும். மூக்குக்கு எட்டாத பொருளுக்கு வாடையும் இல்லை. எலுமிச்சை தன் நறுமணத்தால் மீன் வாடையை அமுக்கிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த நறுமணமும் ஓரளவு துணைசெய்கிறது என்றாலும், நறுமணமே இல்லாத வெறும் சிட்ரிக் அமிலக் கரைசலும் இந்த வேலையைச் செய்யும். அமிலம் அமீனை அழிப்பதும் இல்லை. ஆவியாக முடியாத வடிவத்துக்கு மாற்றி வைக்கிறது, அவ்வளவே.

மேலே எழுதிய வாய்பாட்டில் அம்புக்குறி இருபுறமும் நோக்கியிருப்பதைக் கவனியுங்கள். இந்த மாற்றம் எந்த நேரத்திலும் இரு திசைகளிலும் நடந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கும் என்பதைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை, அதாவது பி.எச். மதிப்பு, முடிவுசெய்கிறது. பி.எச். 9.8 ஆக இருக்கும்போது இரண்டு வடிவங்களும் பாதிப் பாதியாக இருக்கும், அமிலத்தன்மை கூடி அதிலிருந்து பி.எச். ஒவ்வோர் அலகு இறங்கும்போதும், ஆவியாகக்கூடிய அமீனின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். இறந்து சில நாளான கடல் மீனின் தசையில் பி.எச். 6.8 என்று வைத்துக்கொள்வோம். 9.8-இலிருந்து இது 3 அலகு கீழே இருப்பதால், அமீனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே ஆவியாகும் வடிவத்தில் இருக்கிறது. மீதி முழுவதும் முன்பே அயனியாகத்தான் இருக்கிறது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கே கவுச்சிக்குப் போதுமானதாக இருப்பது, நம் மூக்கின் கூர்மையைக் காட்டுகிறது. அந்தச் சிறு பங்கு காற்றில் கலந்து போகப்போக, அயனிகளில் சில மீண்டும் அமீனாக மாறி அதன் இடத்தை நிரப்புவதால் வாடை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. இப்போது எலுமிச்சைச் சாற்றைத் தடவி, மேற்பரப்பின் பி.எச். மதிப்பை 4.8-க்கு இறக்கினால், ஆவியாகும் பங்கு லட்சத்தில் ஒன்றாகிவிடும். மீனில் உள்ள மொத்த அமீனின் அளவு கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் காற்றுக்குப் போகக்கூடிய அளவு நூறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மீனை முதல் முறை கழுவிய நீரில் கொஞ்சத்தை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையும், மற்றொன்றில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவையும் கலந்து, சற்றுப் பொறுத்து முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை சேர்த்த நீரில் கவுச்சி வெகுவாகத் தணிந்திருக்கும்; சோடா சேர்த்த நீரிலோ முன்பிருந்ததைவிடக் கடுமையாக எழும். சமையல் சோடா நீரின் பி.எச். மதிப்பை எட்டுக்குச் சற்று மேலே உயர்த்துவதால், ஆவியாகும் பங்கு பல மடங்கு பெருகிவிடுவதே காரணம். பிறகு சோடா கலந்த குவளையில் வினிகரை நுரை அடங்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எழும் குமிழிகள் முதலில் கொஞ்சம் வாடையை வெளியே கொண்டுவரும். அவை அடங்கியதும் வாடையும் தணியும். அமீன் அழியவில்லை, வடிவம்தான் மாறுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

மீன் நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணமும் இதுவே. பெரும்பாலான சோப்புக் கட்டிகள் காரத்தன்மை கொண்டவை. அவை அயனியாக அடங்கியிருந்த அமீனை மீண்டும் ஆவியாகும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. முதலில் எலுமிச்சைச் சாற்றையோ நீர் கலந்த வினிகரையோ கையில் தேய்த்து, அதை நிறைய நீர் விட்டு அலசிய பிறகு சோப்புப் போடுவதே சரியான வரிசை. அமிலம் சேர்ந்து உருவான அயனி நீரில் நன்றாகக் கரையும் என்பதால், அலசும்போது அமீன் உண்மையிலேயே கையை விட்டு வெளியேறிவிடுகிறது. கத்திக்கும் வெட்டுப் பலகைக்கும் இதே வரிசை பொருந்தும்.

எவ்வளவு அமிலம், எவ்வளவு நேரம்

அரைக் கிலோ மீனுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும். அந்தச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம், ஓரளவு வாடை வந்துவிட்ட மீனில் இருக்கக்கூடிய மொத்த அமீனையும் அயனியாக்கத் தேவையானதைவிட அதிகமே. ஆனாலும் சாறு முழுவதும் அமீனைத் தேடிச் செல்வதில்லை. மீனின் புரதங்களும் ஹைட்ரஜன் அயனிகளை வாங்கிக்கொள்ளக்கூடியவை. எண்ணிக்கையில் அவை அமீனைவிட மிகப் பல. எனவே சாறு உள்ளே இறங்க இறங்க அதன் வலிமை குறைந்துபோய், தடிமனான துண்டின் நடுப்பகுதியில் பி.எச். ஏறக்குறைய மாறாமலே இருக்கும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பெருகுகின்றன என்பதால், அமீனும் அங்கேதான் அதிகம். அதனால் மேற்பரப்பில் மட்டும் வேலை செய்யும் அமிலமும் நமக்குப் பயன்படுகிறது. மீனைத் துண்டாக்கிய பிறகு சாற்றைத் தடவுவது முழு மீனில் தடவுவதைவிடப் பயன்தருவதும் இதனால்தான்.

தடவிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். அலசும் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அதுதான் முக்கியமான படி, ஏனெனில் அயனியாகக் கட்டப்பட்ட அமீன் அப்போதுதான் மீனைவிட்டு நீங்குகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் அமிலத்தில் ஊறினால் புரதங்கள் வடிவம் குலையத் தொடங்கும். சற்றே கண்ணாடி போலிருந்த சதை வெளியிலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே வருவதைக் கண்ணாலேயே காணலாம். அப்படி வெளுத்த சதை சமைக்கும்போது நீரை இழந்து வறண்டுவிடும். வினிகரைப் பயன்படுத்தினால், ஒரு பங்கு வினிகருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு நீர் கலந்துகொள்வது நல்லது. நீர் கலந்தாலும் அதன் பி.எச். மூன்றை ஒட்டியே இருப்பதால் அமீனைக் கட்டுவதற்கு அது தாராளமாகப் போதும். வினிகரின் அசிட்டிக் அமிலம் தானும் ஆவியாகும் தன்மை கொண்டது என்பதால் அதன் நெடி கொஞ்ச நேரம் நிற்கும். சிட்ரிக் அமிலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பால் வேறு வழியில் உதவுகிறது

பாலின் பி.எச். ஏறத்தாழ 6.7, அதாவது மீன் தசைக்கு நெருக்கமான மதிப்பு. ஆகவே பாலின் பயனை அமிலத்தைக் கொண்டு விளக்க முடியாது. பாலில் கேசீன் என்னும் புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. அந்த உருண்டைகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. மீனில் இருக்கும் அமீனோ, முன்பு பார்த்தபடி, பெரும்பங்கும் நேர்மின்னூட்டம் பெற்ற அயனியாகவே இருக்கிறது. கேசீன் அந்த அயனிகளைத் தன்பால் இழுத்துப் பற்றிக்கொள்கிறது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். மேற்பரப்பில் உள்ள அமீனைக் கரைத்து எடுப்பதில் பாலிலுள்ள நீருக்கும் பங்கு உண்டு.

பாலின் தனிச்சிறப்பு வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் வாடைக்கு அமீன் மட்டும் காரணமன்று; அவற்றின் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஆல்டிஹைடுகள் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. சிக்குப் பிடித்த எண்ணெயின் வாடையைத் தருபவை அவைதான். ஆல்டிஹைடுகள் காரங்கள் அல்ல என்பதால் எலுமிச்சைச் சாறு அவற்றைக் கட்டிவைக்காது. ஆனால் அவை கொழுப்பில் கரையும், புரதங்களோடும் பிணையும். பாலில் கொழுப்புத் துளிகளும் இருக்கின்றன, புரதமும் இருக்கிறது. எனவே கொழுப்பு மீன்களுக்கும், அமிலத்தால் எளிதில் இறுகிவிடும் மென்மையான சதை கொண்ட மீன்களுக்கும் பாலைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமானது. துண்டுகள் மூழ்கும் அளவு குளிர்ந்த பாலை ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இருபது முதல் முப்பது நிமிடம் வைத்து, பாலை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, துண்டுகளை ஒற்றி எடுக்க வேண்டும். வாடைப் பொருள்கள் இப்போது பாலில் இருக்கின்றன. அந்தப் பாலையே குழம்பில் சேர்த்தால் அவை திரும்பவும் உணவுக்குள் வந்துவிடும்.

எலுமிச்சை எட்டாத வாடைகள்

குளத்து மீனின் சேற்று வாடை ஜியோஸ்மின் என்னும் பொருளிலிருந்து வருகிறது. நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை உண்டாக்க, மீன் அதைச் செவுள் வழியாக உறிஞ்சித் தன் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. இது அமீன் அன்று. என்றாலும் அமிலச் சூழலில் ஜியோஸ்மின் மெல்லச் சிதைந்து மணமற்ற பொருளாக மாறுவதால், புளிப்புச் சேர்த்துச் சமைப்பது ஓரளவு உதவும். தோலை உரித்து, தோலடியிலுள்ள கருத்த கொழுப்புச் சதையையும் நீக்குவது அதைவிட உறுதியான வழி.

அழுகிய முட்டையின் வாடையோ கெட்டுப்போன முட்டைக்கோஸின் வாடையோ மீனில் வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பாக்டீரியாக்கள் பிரித்து எடுக்கும் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஹைட்ரஜன் சல்பைடு போன்ற இந்தக் கந்தகப் பொருள்களை அமிலம் கட்டுப்படுத்தாது. எனவே, எலுமிச்சை தடவி அலசிய பிறகும் இந்த அழுகல் வாடை அப்படியே நின்றால், அது நமக்குக் கிடைக்கும் பயனுள்ள ஓர் எச்சரிக்கை. அந்த மீனைச் சமைக்கக் கூடாது. ஆய்வகங்களில் மீனின் தரத்தைச் சோதிக்கும்போதும் அமீனையே அளக்கிறார்கள். 100 கிராம் மீனில் அமீனின் நைட்ரஜன் 10 முதல் 15 மில்லிகிராமை எட்டினால் அது ஏற்கத்தக்க நிலையைக் கடந்துவிட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, மூக்குக்குத் தெரியாத ஆபத்து. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி; மீனைக் குளிரில் வைக்காமல் விட்டால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடுகின்றன. ஹிஸ்டமினை முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. எலுமிச்சை, வினிகர், பால் ஆகிய எதுவும் அதை நீக்காது. சமையல் வெப்பமும் அதை அழிக்காது. அதைக் கொண்ட மீனைத் தின்றவர்களுக்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலைவலியும் தோலில் தடிப்பும் வரலாம். இந்த வகை மீன்கள் வெயிலிலோ அறை வெப்பத்திலோ பல மணி நேரம் கிடந்தவை என்று தெரிந்தால், வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றை வாங்காமல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.